எவ்வளவு குடிப்பது, உப்பு எப்போது: எடை இயந்திரம் சொன்ன கணக்கு

நம் கிளப்பில் நீண்ட ஓட்டத்துக்கு முந்தைய நாள் தவறாமல் வரும் கேள்வி, "எந்த டிரிங்க் நல்லது, எந்த உப்பு கேப்சூல் நல்லது?" என்பதுதான். எவ்வளவு குடிக்க வேண்டும் என்று கேட்பவர்கள் குறைவு. சில வருடங்களாக நீண்ட ஓட்டங்களில் தண்ணீர் மேசைப் பொறுப்பு என்னிடம் இருக்கிறது. ஒரு எடை இயந்திரத்தையும் கூடவே எடுத்து வருகிறேன். வருபவர்களை ஓடுவதற்கு முன்னும் பின்னும் ஏறி நிற்கச் சொல்வது வழக்கமாகிவிட்டது. அதில் பார்த்ததை வைத்துச் சொல்கிறேன்: பாட்டிலில் என்ன இருக்கிறது என்பதைவிட எவ்வளவு உள்ளே போகிறது என்பதுதான் பெரிய விஷயம். உப்பின் முறை அதற்கு அப்புறம்தான். அதுவும் எல்லோருக்கும் வராது.

முதலில் மூன்று எண்கள். நம் ரத்த நீரில் ஒரு லிட்டருக்குச் சுமார் 3.2 கிராம் சோடியம் இருக்கிறது. வியர்வையில் ஆளுக்கு ஆள் மாறும். லிட்டருக்கு அரை கிராம் இழப்பவரும் உண்டு, ஒன்றே முக்கால் கிராம் இழப்பவரும் உண்டு, பெரும்பாலோர் ஒரு கிராமை ஒட்டி வருவார்கள். கடையில் கிடைக்கும் வழக்கமான ஸ்போர்ட்ஸ் டிரிங்கில் லிட்டருக்கு ஏறக்குறைய அரை கிராம். இந்த மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வியர்வையே ரத்தத்தைவிட மிகவும் நீர்த்தது. அதனால் வியர்க்கும்போது உப்பைவிடத் தண்ணீர்தான் விகிதத்தில் அதிகம் வெளியே போகிறது. ஒன்றும் குடிக்காமல் ஓடினால் ரத்தத்தில் சோடியத்தின் அடர்த்தி ஏறத்தான் செய்யும். ஸ்போர்ட்ஸ் டிரிங்கோ வியர்வையைவிடவும் நீர்த்தது. ரத்தத்தின் கண்ணில் அது கிட்டத்தட்டத் தண்ணீர்தான். "எலக்ட்ரோலைட் கலந்தது, எவ்வளவு குடித்தாலும் ஒன்றும் ஆகாது" என்ற நம்பிக்கை இந்த இடத்திலேயே அடிபட்டுப் போகிறது.

இதை ஒரு ஆளின் கணக்காகப் பார்த்தால்தான் புரியும். நம் உறுப்பினர் ஒருவர், அவர் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன், முதல் மராத்தானை ஐந்து மணி நேரத்தில் முடித்தார். எடை 52 கிலோ. பயிற்சியில் நான் பார்த்த அளவில் அவருக்கு ஒரு மணி நேரத்துக்கு அரை லிட்டர்தான் வியர்க்கும். சின்ன உடம்பு, மிதமான வேகம், அன்று வெயிலும் கடுமையாக இல்லை. பாதையில் இரண்டு கிலோமீட்டருக்கு ஒரு தண்ணீர் மேசை இருந்தது. யாரோ சொன்ன அறிவுரைப்படி ஒரு மேசையையும் விடாமல் நின்று ஒரு கோப்பை குடித்தார். சில இடங்களில் தண்ணீர், சில இடங்களில் ஸ்போர்ட்ஸ் டிரிங்க்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். மூன்று மணி நேரத்தில் முடிப்பவரும் இதே மேசைகளைத்தான் கடக்கிறார். அவர் ஓடிக்கொண்டே கோப்பையைப் பிடுங்குவார், பாதி சட்டையில் கொட்டும், இரண்டு மடக்கு உள்ளே போகும். ஐந்து மணி நேரக்காரர் நடந்துகொண்டே கோப்பையைக் காலி செய்வார். ஆக, மணிக்குக் குறைவாக வியர்ப்பவர்தான் மொத்தத்தில் அதிகம் குடிக்கிறார். நம் தோழி அன்று குடித்தது சுமார் நான்கு லிட்டர். வியர்த்தது இரண்டரை லிட்டர்.

முடிவுக்கோட்டுக்கு அப்பால் அவரைப் பார்த்தபோது கைக்கடிகாரப் பட்டை மணிக்கட்டில் பதிந்து இருபுறமும் சதை பிதுங்கியிருந்தது. "அக்கா, மோதிரம் சுத்தவே மாட்டேங்குது, தலை வேற விண்ணுன்னு வலிக்குது" என்றார். வயிறு உப்பியிருந்தது, குமட்டல் வேறு. சுற்றி நின்றவர்கள் எல்லோரும் ஒரே குரலில் "தண்ணி குடுங்க, தண்ணி குடுங்க" என்றார்கள். ஒருவர் ஸ்போர்ட்ஸ் டிரிங்க் பாட்டிலையே திறந்துவிட்டார். நான் அதை வாங்கிக் கீழே வைத்துவிட்டு அவரை எடை இயந்திரத்தில் ஏற்றினேன். 53.4. காலையில் 52. ஐந்து மணி நேரம் ஓடி எடை கூடியிருக்கிறது என்றால் அது நீர்ச்சத்துக் குறைவாக இருக்க வழியே இல்லை. நேராக மருத்துவக் கூடாரத்துக்குக் கூட்டிப் போனோம். ரத்தத்தில் சோடியம் 130. 135-க்குக் கீழே போனாலே ஹைப்போநட்ரீமியா, அதாவது ரத்த சோடியக் குறைவு.

இப்போது கணக்குக்கு வருவோம். ஆய்வகத்தில் சோடியத்தை லிட்டருக்கு இத்தனை மில்லிமோல் என்று அளப்பார்கள். மேலே சொன்ன 3.2 கிராம்தான் இந்த அலகில் 140, நடுவாந்தரமான, ஆரோக்கியமான அளவு. அவர் உடம்பில் மொத்தம் 27 லிட்டர் தண்ணீர் என்று வைத்துக்கொள்வோம். 27 பெருக்கல் 140, மொத்தம் 3780. வியர்வையில் லிட்டருக்கு 40 வீதம் இரண்டரை லிட்டரில் 100 போய்விட்டது, மிச்சம் 3680. தண்ணீர்ப் பக்கம் இரண்டரை லிட்டர் போய், நான்கு லிட்டர் வந்து, 28.5 ஆகிவிட்டது. குடித்தது முழுவதும் வெறும் தண்ணீர் என்றால் 3680-ஐ 28.5-ஆல் வகுக்க 129 வரும்.

சரி, அந்த நான்கு லிட்டரும் ஸ்போர்ட்ஸ் டிரிங்காக இருந்திருந்தால்? லிட்டருக்கு 20 வீதம் 80 திரும்பக் கிடைக்கும். விடை 132. அப்போதும் 135-க்குக் கீழேதான். இன்னும் ஒரு படி போய், வியர்வையில் போன உப்பு மொத்தத்தையும் கேப்சூலாக விழுங்கியிருந்தால்? லேபிளில் 200 மில்லிகிராம் சோடியம் போட்டிருக்கும் கேப்சூல் என்றால் பதினொன்று, பன்னிரண்டு தேவைப்படும். அத்தனையும் போட்டாலும் விடை 133-ஐத் தாண்டாது. ஆனால் நான்கு லிட்டருக்குப் பதில் இரண்டு லிட்டர் வெறும் தண்ணீர் மட்டும் குடித்து, ஒரு சிட்டிகை உப்புகூடச் சேர்க்காமல் ஓடியிருந்தால் 139. ஒரு குறையும் இல்லை.

இது உடம்பை ஒரே தொட்டியாகப் பாவிக்கும் எளிய கணக்கு. நிஜத்தில் பொட்டாசியம், சிறுநீர், வயிற்றில் தேங்கி நிற்கும் நீர் எல்லாம் சேரும். ஆனால் திசை மாறாது. 2002 பாஸ்டன் மராத்தானில் ஓடியவர்களிடம் முடிவுக்கோட்டில் ரத்தம் எடுத்து ஆராய்ந்தார்கள். 2005-ல் வெளியான அந்த ஆய்வில் 488 பேரில் 13 சதவீதத்தினருக்கு சோடியம் குறைவாக இருந்தது. அதோடு ஒட்டி வந்த காரணங்களில் முக்கியமானது ஓட்டத்தில் எடை கூடியிருந்தது. நான்கு மணி நேரத்துக்கு மேல் ஓடியதும் ஒன்று. குடித்தது தண்ணீரா ஸ்போர்ட்ஸ் டிரிங்கா என்பது வித்தியாசம் காட்டவில்லை.

அதிகமானதைச் சிறுநீரகம் வெளியே தள்ளிவிடாதா என்று கேட்பீர்கள். சும்மா உட்கார்ந்திருக்கும்போது தள்ளிவிடும். நீண்ட நேரம் ஓடும்போது, அந்தச் சிரமத்தினாலேயே, தண்ணீரைப் பிடித்துவைக்கச் சொல்லும் ஹார்மோன் சுரந்துகொண்டே இருக்கும். போதும் போதும் என்கிற அளவுக்குக் குடித்திருந்தாலும் அது முழுதாக அடங்குவதில்லை. அதனால் உள்ளே போன தண்ணீர் உள்ளேயே தங்கிவிடுகிறது. ஓட்டத்தின் நடுவில் இபுபுரோஃபென் போன்ற வலி மாத்திரை போடும் பழக்கம் உள்ளவர்களுக்கு இதே இடத்தில் இன்னொரு ஆபத்து இருக்கிறது. அது சிறுநீரகத்தின் வேலையை மேலும் கெடுக்கும். போட்டி நாளில் அந்த மாத்திரை வேண்டவே வேண்டாம் என்பது என் கறாரான கருத்து.

தோழிக்கு அன்று கூடாரத்தில் செய்தது இதுதான்: குடிப்பதை முழுக்க நிறுத்தினார்கள், கெட்டியான உப்புக் கரைசல் கொஞ்சம் கொடுத்தார்கள், சிறுநீர் வரும்வரை உட்காரவைத்தார்கள். கொஞ்ச நேரம் கழித்து நிறையப் போனது, தலைவலி இறங்கியது. எல்லோருக்கும் இப்படி லேசாக முடிவதில்லை. சோடியம் வேகமாக இறங்கினால் மூளை வீங்கும். குழப்பமாகப் பேசுவது, திரும்பத் திரும்ப வாந்தி, வலிப்பு, மயக்கம் என்று போனால் அது உயிருக்கு ஆபத்து. மருத்துவர்கள் 3 சதவீத அடர் உப்பு நீரை நரம்பில் ஏற்ற வேண்டியிருக்கும். நம் பங்குக்குச் செய்யக்கூடியது, அந்த நிலையில் இருப்பவருக்கு எதையும் குடிக்கக் கொடுக்காமல் இருப்பதும், "நிறையக் குடித்திருக்கிறார், எடை கூடியிருக்கிறது" என்று மருத்துவரிடம் முதல் வார்த்தையாகச் சொல்வதும். ஏனென்றால் சுருண்டு விழுந்த ஓட்டக்காரருக்கு நீர்ச்சத்துக் குறைவு என்று நினைத்துச் சாதாரண டிரிப்ஸ் ஏற்றினால் நிலைமை மோசமாகலாம்.

இனி உங்கள் சொந்த எண்ணைக் கண்டுபிடிக்கும் வழி. இது கஷ்டமே இல்லை. போட்டியில் ஓட நினைக்கும் வேகத்தில், போட்டி நடக்கும் பருவத்தை ஒத்த வெயிலில், குறைந்தது ஒரு மணி நேரம் ஓடுங்கள். அதற்குக் குறைந்தால் எடை இயந்திரத்தின் நூறு கிராம் தடுமாற்றமே விடையைக் கெடுத்துவிடும். கிளம்பும் முன் கழிப்பறைக்குப் போய்விட்டு, முடிந்த அளவு குறைந்த உடையில் எடை பாருங்கள். பாட்டிலையும் தனியாக நிறுத்துக்கொள்ளுங்கள். ஓடி வந்ததும் நனைந்த உடையைக் கழற்றி, துண்டால் நன்றாகத் துடைத்துக்கொண்டு, சிறுநீர் கழிக்கும் முன்பே மறுபடி எடை பாருங்கள். ஈரச் சட்டையோடும் காலுறையோடும் ஏறி நின்றுவிட்டு "எனக்கு வியர்க்கவே இல்லை" என்று சொல்பவர்கள் வாரம் ஒருவராவது வருகிறார்கள். சொட்டச் சொட்ட நனைந்த உடையில் தேங்கும் வியர்வை கணக்கையே புரட்டிப்போட்டுவிடும்.

குறைந்த எடையோடு குடித்ததைக் கூட்டுங்கள், மணி நேரத்தால் வகுங்கள். போன மாதம் ஒருவர் 68.4-ல் கிளம்பி 67.5-ல் வந்தார், பாட்டிலிலிருந்து 400 மில்லி குடித்திருந்தார். 900 கிராமோடு 400 சேர்த்தால் 1.3 லிட்டர். ஓடியது ஒன்றேகால் மணி நேரம். ஆக மணிக்கு ஒரு லிட்டரை ஒட்டி. இதே ஆள் குளிர்ந்த விடியலில் மெதுவாக ஓடினால் பாதிகூட வராது. அதனால் ஒரே ஒரு முறை பார்த்துவிட்டு அதையே எல்லாக் காலத்துக்கும் வைத்துக்கொள்ளாதீர்கள்.

கிடைத்த எண் குடிக்க வேண்டிய அளவு அல்ல. இதைத்தான் அதிகம் பேர் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். அது உச்சவரம்பு, அதைத் தாண்டக் கூடாது. வியர்ப்பது முழுவதையும் திருப்பி ஊற்ற வேண்டிய அவசியமில்லை. எடையில் இரண்டு, மூன்று சதவீதம் குறைந்து முடிப்பது மராத்தானில் சகஜம். அதிலும் ஒரு பகுதி எரிந்துபோன எரிபொருளின் எடை, அதோடு சேமித்திருந்த நீரின் எடை. ஹைலே கெப்ரெசெலாசி 2009 துபாய் மராத்தானை வென்றபோது கிட்டத்தட்ட 10 சதவீத எடையை இழந்திருந்தார் என்று அளந்து எழுதியிருக்கிறார்கள். அவரைப் பார்த்து யாரும் அதை முயல வேண்டாம். இரண்டு சதவீதம் குறைந்தவுடன் உடம்பு நின்றுவிடும் என்ற பயம் தேவையில்லை என்பதற்காக மட்டும் சொல்கிறேன்.

நடைமுறையில், பெரும்பாலோருக்குத் தாகம் போதும். தாகம் எடுத்தால் குடியுங்கள், எடுக்காவிட்டால் மேசையைத் தாண்டிப் போங்கள். மணிக்கு ஒன்றேகால், ஒன்றரை லிட்டர் வியர்ப்பவர்களுக்கு வெயில் நாளில் மட்டும் ஒரு திட்டம் வைத்துக்கொள்வது நல்லது. வேகமாக ஓடும்போது வயிறு ஏற்றுக்கொள்ளும் அளவுக்கு ஒரு எல்லை உண்டு. தாகம் முற்றிய பிறகு மொத்தமாக ஊற்றினால் வயிற்றில் தளும்பும். அவர்கள் ஆரம்பத்திலிருந்தே கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்துக்கொண்டு வரட்டும். இன்னொன்று, நிறையக் குடித்திருந்தால் வெப்பத் தாக்கு வராது என்று யாரும் நம்ப வேண்டாம். உடம்புச் சூட்டை முதலில் ஏற்றுவது உங்கள் வேகம். தண்ணீர் அதைச் சரிக்கட்டாது. வேகத்தைக் குறைப்பதுதான் வழி.

உப்பு யாருக்குத்தான் தேவை? மேலே போட்ட அதே கணக்கை ஒரு பெரிய உடம்புக்குப் போட்டுப் பாருங்கள். 75 கிலோ, உடம்பு நீர் 45 லிட்டர், வியர்வை மொத்தம் ஐந்து லிட்டர், அதுவும் லிட்டருக்கு 60 என்று உப்பு கொட்டும் வகை. 6300-இல் 300 போய் மிச்சம் 6000. அவர் இரண்டரை லிட்டர் வெறும் தண்ணீர் குடித்தால் 42.5 லிட்டரில் 6000, விடை 141. ஏழு கிராம் சோடியம் வெளியே போயும் அடர்த்தி இறங்கவில்லை. அவரே ஐந்து லிட்டரையும் வெறும் தண்ணீராகத் திருப்பி ஊற்றினால்தான் 133-க்கு வருகிறது. ஆக, வியர்வையின் பெரும்பகுதியைத் திரும்பக் குடிப்பவருக்குத்தான் உப்பு பொருள் உள்ளதாகிறது. மராத்தானில் அப்படிக் குடிப்பவர்கள் குறைவு, குடிக்கத் தேவையும் இல்லை. வெயிலில் எட்டு, பத்து மணி நேரம் ஓடும் அல்ட்ரா ஓட்டங்களில் நிலைமை வேறு. அங்கே எடை அதிகம் சரியாமல் பார்த்துக்கொள்ள நிறையக் குடித்தாக வேண்டும், அதோடு உப்பும் போக வேண்டும். தொப்பியில் வெள்ளைக் கோடு படிகிறது, கண் எரிகிறது என்றால் நீங்கள் உப்பு அதிகம் இழக்கும் ஆளாக இருக்கலாம். ஆனால் அந்தக் கோட்டைப் பார்த்து கிராம் கணக்குச் சொல்ல முடியாது. கறுப்புத் தொப்பியில் எல்லோருடைய உப்பும் பெரிதாகத்தான் தெரியும்.

கெண்டைக்கால் பிடிப்புக்கு உப்பு என்பதும் நம்மிடம் ஊறிப்போன எண்ணம். நீண்ட ஓட்டங்களில் பிடிப்பு வந்தவர்களின் ரத்தத்தையும் வராதவர்களின் ரத்தத்தையும் ஒப்பிட்ட ஆய்வுகளில் சோடியத்தில் பொருட்படுத்தத்தக்க வேறுபாடு கிடைக்கவில்லை. உப்பு குறைந்துதான் பிடிக்கிறது என்றால் உடம்பு முழுக்கப் பிடிக்க வேண்டும். பிடிப்பதோ அன்று அதிகம் உழைத்த தசை மட்டும். நின்று நீட்டிவிட்டால் விடுகிறது, நீட்டுவதில் உப்பு ஏதும் ஏறுவதில்லையே. பிடிப்பு வந்தவர்களிடம் நான் முதலில் கேட்பது, முதல் பத்து கிலோமீட்டரைப் பயிற்சியைவிட வேகமாக ஓடினீர்களா என்றுதான். அனேகமாக ஒரு அசட்டுச் சிரிப்புதான் பதிலாக வரும்.

அப்படியானால் ஸ்போர்ட்ஸ் டிரிங்க் எதற்கு? சர்க்கரைக்கு. அதன் உண்மையான வேலை அதுதான். வழக்கமானவற்றில் 6 முதல் 8 சதவீதம் சர்க்கரை, அதாவது அரை லிட்டரில் 30 முதல் 40 கிராம். ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் கடினமாக ஓடும்போது மணிக்கு 30 முதல் 60 கிராம் கார்போஹைட்ரேட் எடுத்தால் பலன் தெரியும். ஒரு மணி நேரப் பயிற்சி ஓட்டத்துக்கு அது தேவையே இல்லை. தண்ணீர் போதும், பல நாள் தண்ணீர்கூட வேண்டியதில்லை. இங்கேதான் மெதுவாக ஓடுபவர்கள் மாட்டிக்கொள்கிறார்கள். மணிக்கு 60 கிராம் வேண்டும் என்று 6 சதவீத டிரிங்கையே நம்பினால் ஒரு லிட்டர் குடிக்க வேண்டும். அரை லிட்டர் வியர்ப்பவருக்கு அது நம் தோழியின் கதைதான். அவர்கள் எரிபொருளையும் தண்ணீரையும் பிரித்துக்கொள்ள வேண்டும்: சர்க்கரைக்கு ஜெல், தாகத்துக்குத் தண்ணீர். ஜெல்லை ஸ்போர்ட்ஸ் டிரிங்கோடு சேர்த்து விழுங்காதீர்கள். இரண்டும் சேர்ந்தால் வயிற்றில் சர்க்கரை அடர்த்தி ஏறி, இரைப்பை மெதுவாகக் காலியாகி, குமட்டலிலோ வயிற்றுப்போக்கிலோ போய் நிற்கும். ஜெல் எடுத்த மேசையில் தண்ணீர் நான்கைந்து மடக்கு போதும்.

தோழி அதற்கடுத்த மராத்தானை இப்படித்தான் ஓடினார். நாற்பது நிமிடத்துக்கு ஒரு ஜெல், அதோடு தண்ணீர், மற்ற மேசைகளில் தாகம் இருந்தால் மட்டும் ஒரு கோப்பை. உப்பு கேப்சூல் எடுக்கவில்லை. முடிவில் எடை 51.2. மோதிரம் சுழன்றது.

ஓடி முடித்ததும் அவசரமாக எதையும் ஊற்ற வேண்டாம். எடை குறைந்திருந்தால் சாப்பாட்டோடு தாகத்துக்குக் குடித்து வந்தாலே ஒரு நாளில் சரியாகிவிடும், சாப்பாட்டில் இருக்கும் உப்பே போதும். அன்றே மறுபடி ஓட வேண்டிய கட்டாயம் இருப்பவர்கள் மட்டும் குறைந்த ஒவ்வொரு கிலோவுக்கும் சுமார் ஒன்றேகால் லிட்டர் கணக்கில், உப்புள்ள உணவோடு, சில மணி நேரத்தில் பரப்பிக் குடிக்கலாம். எடை கூடியிருந்தால் சிறுநீர் நன்றாகப் போகும்வரை ஒரு மடக்குகூட வேண்டாம். அடுத்த நீண்ட ஓட்டத்துக்கு இயந்திரம் மேசைக்குக் கீழேதான் இருக்கும். காய்ந்த துண்டு ஒன்றும் மாற்றுச் சட்டையும் எடுத்து வாருங்கள்.